அஞ்சு வட்டி தருகிறவர் அதை யாரிடம் வாங்கித் தருகிறார்?

“ஈமு கறி தின்னவங்க எல்லாம் கை தூக்குங்க பார்க்கலாம்.”

சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒரு கைகூட எழவில்லை.

“சரி, ஈமு வளர்த்தவங்க?”

இப்போது நாலைந்து கைகள் தயங்கித் தயங்கி மேலே வந்தன.

பெருந்துறைக்குப் பக்கத்துக் கிராமம் அது. மூன்று மகளிர் சுய உதவிக் குழுக்களின் உறுப்பினர்களை ஒன்றாகக் கூட்டியிருந்தார்கள். பேச வந்தவர் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பணியில் இருந்த காலம் முழுக்கக் குழுக்கடன் பிரிவில் இருந்ததால், இந்தப் பெண்கள் எழுதும் பேரேடும் தீர்மானப் புத்தகமும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அவரை அழைத்ததற்குக் காரணம் இருந்தது. கொஞ்ச நாளாக ஊருக்குள் ஒருவர் வந்து போய்க்கொண்டிருந்தார். ஒரு லட்சம் போட்டால் மாதம் பத்தாயிரம், வருஷம் முடிந்ததும் அசல் அப்படியே கைக்கு வரும், முத்திரைத்தாளில் பத்திரம் எழுதித் தருவோம், முன்தேதியிட்ட செக்கும் தருவோம் என்பது அவர் கொண்டுவந்த செய்தி. ஒரு குழுவில் வங்கிக்கடன் வந்து கணக்கில் இருந்தது. அதை எடுத்துப் போடலாமா என்று பேச்சு எழுந்ததும், குழுவின் ஊக்குநர் பயந்துபோய் இவரைக் கூப்பிட்டுவிட்டார்.

பேச வந்தவர் ‘இது மோசடி, போடாதீர்கள்’ என்று ஆரம்பிக்கவில்லை. அப்படி ஆரம்பித்திருந்தால் பாதிப்பேர் எழுந்து போயிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். அவர் முதலில் வட்டியைப் பற்றிப் பேசினார், அதுவும் ஊர்க்கணக்கில்.

நம் கிராமங்களில் யாரும் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று பேசுவதில்லை. நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஒரு வட்டி. இரண்டு ரூபாய் என்றால் ரெண்டு வட்டி. பத்து வட்டி என்றாலே கந்துவட்டி ஞாபகம்தான் வரும். தமிழ்நாட்டில் 2003-ல் கந்துவட்டித் தடைச் சட்டம் கொண்டுவர வேண்டி வந்ததே அப்படிப்பட்ட வட்டியில் சிக்கிய குடும்பங்களால்தான். விளம்பரக்காரர்கள் மட்டும் இந்தக் கணக்கில் பேசமாட்டார்கள். ‘மாதம் பத்தாயிரம் வருமானம்’ என்பார்கள். அந்தச் சொல்லில் வட்டி காணாமல் போய்விடுகிறது.

அவர் கரும்பலகையில் எல்லாவற்றையும் வட்டிக்கு மாற்றி எழுதினார். அஞ்சலகத்தின் மாத வருமானத் திட்டம் 2025-ல் ஆண்டுக்கு 7.4 சதவீதம் தந்தது. அதாவது 62 காசு வட்டி. பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்க ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற நிதி நிறுவனங்கள் சில உண்டு. அவர்கள் விரும்பினாலும் ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. அது ஒரு ரூபாய் நாலு காசு வட்டி. இந்தக் கூடத்தில் உள்ள குழுக்கள் தங்கள் உறுப்பினருக்கு உள்கடன் கொடுப்பதே ஒரு வட்டிக்கு. ஊருக்குள் வந்த மனிதர் சொல்வது பத்து வட்டி.

“இப்ப ஒண்ணு கேக்கறனுங்க” என்றார். “நம்ம குழுவுல ஒரு வட்டிக்குக் கடன் குடுக்கறோம். அதை வாங்கறதுக்கே எத்தனை தடவை வீட்டுக்கு நடக்கறோம்?”

கூடம் கலகலத்தது. ஒரு குழுவின் பிரதிநிதி பக்கத்தில் இருந்தவரைச் செல்லமாக இடித்தார்.

“ஒரு வட்டி வசூல் பண்றதுக்கே இத்தனை பாடு. உங்களுக்குப் பத்து வட்டி தரணும்னா அந்தக் கம்பெனி உங்க பணத்தை வெச்சுப் பன்னெண்டு, பதிமூணு வட்டியாவது சம்பாதிக்கணும். ஆபீஸ் வாடகை, கார், ஏஜெண்டுக்குக் கமிஷன் எல்லாம் இருக்குதல்ல? அப்ப அந்தக் கம்பெனிகிட்டப் பதிமூணு வட்டி குடுத்துக் கடன் வாங்கி, மாசம் தவறாமக் கட்டிட்டு இருக்கறது யாரு? எந்தத் தொழில்? அந்தத் தொழிலை எனக்குக் காட்டுங்க.”

வயதான ஒரு பெண், “ஏதோ வெளிநாட்டுல பண்றாங்கன்னு சொன்னாருங்க மேடம்” என்றார்.

“வெளிநாட்டுலன்னா சௌகரியம்ங்க்கா, நாம போய்ப் பார்க்க மாட்டோம்.”

அதோடு அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு மிக வலுவான வாதமாகப் பட்டது. ஒருவருக்குப் பணத்தை மாதம் பத்து வட்டி ஈட்டவைக்கும் வித்தை உண்மையாகவே தெரியும் என்று வைத்துக்கொள்வோம். அவர் வீட்டு நகையைக் கொண்டுபோய் வங்கியில் வைத்தால் ஒரு ரூபாய்க்கும் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கும். நிலத்தை வைத்தாலும் ஒரு வட்டிக்குப் பக்கத்தில்தான் வரும். இப்படி மலிவாகப் பணம் கிடைக்கும்போது, பத்து வட்டி தருகிறேன் என்று வெயிலில் வீடு வீடாக ஏன் அலைகிறார்? வங்கி கேட்கும் கேள்விகளுக்கு அவரிடம் பதில் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை.

அடுத்து ‘உத்தரவாதம்’. அதிக லாபம் வரும் தொழில் உலகத்தில் இல்லாமல் இல்லை. ஈரோட்டுக்காரர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2010-ல் மஞ்சள் குவிண்டால் பதினைந்தாயிரம் ரூபாயைத் தாண்டியது. அப்போது கையில் சரக்கு வைத்திருந்தவர்கள் வீடு கட்டினார்கள். இரண்டே ஆண்டில் அதே மஞ்சள் ஐந்தாயிரத்துக்குக் கீழே விழுந்தது. அந்த விலையை நம்பிக் கடன் வாங்கிப் போட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். பெரிய லாபம் வரும் இடத்திலெல்லாம் பெரிய நஷ்டமும் கூடவே நிற்கிறது. ஒருவர் உங்களிடம், ‘மஞ்சள் வாங்கி வைக்கிறேன், ஏறினால் பங்கு தருகிறேன், இறங்கினால் நஷ்டமும் உங்களுக்குத்தான்’ என்று சொன்னால் அவர் நேர்மையானவராக இருக்கலாம். போடுவதும் போடாததும் உங்கள் துணிச்சல். ‘ஏறினாலும் இறங்கினாலும் மாதம் பத்தாயிரம்’ என்றால், இறங்கும் மாதத்தில் அந்தப் பத்தாயிரம் யாருடைய பையிலிருந்து வரும் என்று அவர் சொல்லியாக வேண்டும். நிலையான தொகையை வாக்களிப்பவர் நஷ்டத்தைத் தன் தலையில் ஏற்கிறார். அப்படி ஏற்பவரால் குறைந்த வட்டிதான் தர முடியும். வங்கியும் அஞ்சலகமும் ஒரு வட்டிக்கும் கீழே நிற்பதற்குக் காரணம் இதுதான்.

உத்தரவாதம் என்பது அதைக் கொடுப்பவரின் சொத்தளவுக்குத்தான் மதிப்பு. அஞ்சலகச் சேமிப்புக்குப் பின்னால் மத்திய அரசு நிற்கிறது. வங்கி மூழ்கினால் ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரியில்தான் அது ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சமாக உயர்ந்தது. அந்தக் கம்பெனியின் பத்திரத்துக்குப் பின்னால் நிற்பது அதே கம்பெனிதான். அது தரும் செக்கும் அதன் சொந்தக் கணக்கின் மீது எழுதியது. கணக்கில் பணம் இருந்தால் செக் தேவைப்படாது, இல்லாவிட்டால் செக்கால் பயன் இல்லை. “அஞ்சாயிரம் உள்கடனுக்கே நாம ரெண்டு பேரு ஜாமீன் கேக்கறோம். லட்ச ரூபாயை அவரு ஜாமீனே இல்லாம வாங்கிட்டுப் போறாரு” என்றார் பேச்சாளர்.

இதற்குள் முன்வரிசையில் இருந்த ஓர் இளம்பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. “ஆனா மேடம், எங்க பெரியம்மா பொண்ணு போட்டிருக்குதுங்க. நாலு மாசமா டாண்ணு ஒண்ணாந்தேதி பணம் வந்துருதுங்க. வராம இருந்தா நீங்க சொல்றது சரி. வருதே?”

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாததால்தான் தமிழ்நாட்டில் இத்தனை கோடிகள் போயின. பொய் சொல்கிறார்கள் என்று ஊரில் யாரையும் நம்பவைப்பது சுலபம். பணம் கைக்கு வந்துகொண்டிருக்கும்போது நம்பவைப்பது கடினம். பேச்சாளர் அதற்காகவே ஈமுவை எடுத்து வைத்திருந்தார் போலும்.

கொங்குப் பகுதியில் 2012-க்கு முன்னால் சில ஆண்டுகள் ஈமு ஒரு காய்ச்சல் மாதிரி பரவியது. பெருந்துறையை மையமாகக் கொண்டு பல நிறுவனங்கள் முளைத்தன. டிவியில் விளம்பரம், அதில் சினிமா நடிகர்கள். பரவலாகப் பேசப்பட்ட திட்டம் இது: ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் ஆறு ஈமுக் குஞ்சுகள் தருவார்கள், கொட்டகை போட்டுத் தருவார்கள், தீவனம் அவர்களே தருவார்கள். வளர்ப்பதற்கு மாதம் ஆறாயிரம், ஆண்டுக்கு இருபதாயிரம் போனஸ். இரண்டு ஆண்டு முடிந்ததும் பறவையைத் திருப்பி வாங்கிக்கொண்டு ஒன்றரை லட்சத்தையும் தந்துவிடுவார்கள். இடம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வகைத் திட்டமும் இருந்தது. பறவையைக் கம்பெனியே வளர்க்கும், நீங்கள் பணம் மட்டும் கட்டினால் போதும், மாதப் பணம் வந்துவிடும். பறவை வளர்ப்புக்கும் அந்தப் பணத்துக்கும் தொடர்பு இல்லை என்பதை அந்த ஒரு திட்டமே காட்டிக்கொடுத்துவிட்டது. அப்போது அதை யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

மாதம் ஆறாயிரம் என்பது ஒன்றரை லட்சத்துக்கு நாலு வட்டி. போனஸையும் சேர்த்தால் அஞ்சு வட்டிக்குக் கொஞ்சம் மேலே.

“ஒன்றரை லட்சத்தை ஆறாயிரத்தால வகுங்க” என்றார் அவர். ஒரு பெண் கைபேசியில் போட்டுப் பார்த்து, “இருபத்தஞ்சுங்க” என்றார்.

“இருபத்தஞ்சு மாசம். உங்க பணத்தை வாங்கி ஒரு பொட்டியில பூட்டி வெச்சுட்டு, ஒரு தொழிலும் பண்ணாம, மாசம் ஆறாயிரம் எடுத்து உங்க கையிலயே குடுத்தாலும் ரெண்டு வருஷத்துக்கு மேல வரும். உங்களுக்கு வந்தது வருமானம் இல்லீங்க. உங்க பணம்.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்த இளம்பெண்ணே கணக்குப் போட்டார். ஒரு லட்சத்துக்கு மாதம் பத்தாயிரம் என்றால் பத்து மாதம். அவருடைய அக்காவுக்கு வந்திருப்பது நாலு மாதப் பணம், நாற்பதாயிரம். இன்னும் அறுபதாயிரம் அவளுடைய சொந்தப் பணமே கம்பெனியிடம் இருக்கிறது.

எந்தத் தொழிலும் நடக்காவிட்டால்கூட ஆரம்ப மாதங்களில் பணம் தவறாமல் வரும். தவறாமல் வர வேண்டும் என்பதுதான் திட்டமே. அந்த மாதங்களில்தான் போட்டவர் தம்பியிடமும் சம்பந்தியிடமும் சொல்லுவார். எனவே ‘எனக்கு வந்தது’ என்பது எதற்கும் சாட்சி இல்லை. அசலை ஒரே தவணையில் திருப்பிக் கேட்டு, அது புது ஆளின் பணமாக இல்லாமல் ஒரு தொழிலின் வரவாக வந்தால்தான் அது சாட்சி. அதை வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது. தணிக்கை செய்த கணக்கு வேண்டும்.

மிச்சக் கணக்கையும் அவர் போட்டுக் காட்டினார். ஈமுத் திட்டத்தில் ஒரு ஆளுக்கு இரண்டு ஆண்டில் தர வேண்டியது மாதப் பணம் 1,44,000, போனஸ் 40,000, அசல் 1,50,000. மொத்தம் 3,34,000. வாங்கியதோ 1,50,000. குஞ்சு, கொட்டகை, தீவனம், விளம்பரம், கமிஷன் என்று ஒரு பைசா செலவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் ஆளுக்கு 1,84,000 பள்ளம். முதலில் சேர்ந்தவர்கள் நூறு பேர் என்றால் அவர்கள் பள்ளத்தை மூட 123 புது ஆட்கள் வேண்டும். அந்த 123 பேரின் பணம் முழுக்கப் பழையவர்களுக்குப் போய்விட்டது. அவர்களுக்கு ஆளுக்கு 3,34,000 தர 274 பேர் வேண்டும். அந்த 274 பேருக்கு 610 பேர். ஒவ்வொரு இரண்டு ஆண்டுக்கும் இரண்டே கால் மடங்கு ஆட்கள். செலவையும் சேர்த்தால் இன்னும் வேகமாக வேண்டும்.

பறவையால் வருமானமே வந்திருக்காதா என்று கேட்கலாம். ஈமுவின் கறி, எண்ணெய், தோல், முட்டை எல்லாவற்றுக்கும் விலை உண்டு என்றுதான் விளம்பரம் சொன்னது. கூட்டத்தின் ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு அங்கேதான் அர்த்தம் புரிந்தது. வளர்த்தவர்கள் இருந்தார்கள், தின்றவர்கள் இல்லை. கோழிக்கு இருப்பதுபோல அதற்கு ஒரு கறிக்கடை வரிசை தமிழ்நாட்டில் எங்கும் உருவாகவில்லை. நிறுவனம் முட்டையை வாங்கிப் பொரித்துக் குஞ்சாக்கியது, குஞ்சை அடுத்து ஒன்றரை லட்சம் கட்டுபவருக்குக் கொடுத்தது. குஞ்சு வாங்கப் புது ஆள் வராத நாளில் பறவைக்கு மதிப்பு இல்லாமல் போய்விட்டது.

அந்த நாள் 2012 ஆகஸ்டில் வந்தது. பெருந்துறையின் சுசி ஈமு நிறுவனத்தில் பணம் வராமல் போய், முதலீட்டாளர்கள் காவல்துறைக்குப் போனார்கள். மற்ற நிறுவனங்களும் வரிசையாக விழுந்தன. தீவனம் இல்லாமல் பறவைகள் சாகத் தொடங்கியதால் அவற்றுக்குத் தீனி போடும் வேலை கடைசியில் அரசு தலையில் விழுந்தது. கை தூக்கியவர்களில் ஒருவர் சொன்னார்: “எங்க கொட்டாயில ஆறும் நின்னுட்டு இருந்துச்சுங்க. தீனிக்கு எங்க போறது? அதைப் பார்த்துத்தான் எங்க வீட்டுக்காரரு அழுதாருங்க, போன பணத்துக்கு அழுகலை.”

ஈமு ஒரு வேஷம்தான். அதற்கு முன்பே பக்கத்துத் திருப்பூரில் பாசி என்ற நிறுவனம் அந்நியச் செலாவணி வியாபாரம் என்ற வேஷத்தில் வந்து 2009-ல் விழுந்தது. பத்தாண்டுக்குப் பிறகு சென்னையில் ஆருத்ரா கோல்டு, தங்கத்தின் பெயரில் வந்தது. மாதம் 25 முதல் 30 சதவீதம், அதாவது முப்பது வட்டி வரை தருவதாகச் சொல்லி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகப் பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீசார் கணக்குச் சொன்னார்கள். படித்தவர்கள், அரசு ஊழியர்கள், போலீஸ்காரர்கள்கூட இப்படிப்பட்ட திட்டங்களில் பணம் போட்டிருக்கிறார்கள். ஆகவே ‘எழுத்துத் தெரியாததால் ஏமாந்தார்கள்’ என்ற பேச்சு எனக்கு ஒப்பாது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அதிகம் போட்டார்கள், அதிகம் இழந்தார்கள்.

கூட்டத்தில் ஒரு புத்திசாலி இருந்தார், டெய்லர் கடை வைத்திருப்பவர். “மேடம், விழறது உறுதின்னாலும் முதல்ல சேர்ந்து முதல்லயே எடுத்துட்டு வந்துட்டா லாபம்தானுங்களே?”

கேள்வியில் தப்பில்லை. உண்மையில் சிலர் அப்படி எடுத்தும் இருக்கிறார்கள். ஆனால் நாம் முதல் ஆளா கடைசி ஆளா என்று சேரும்போது தெரியாது. ஊருக்குள் ஏஜெண்டு வந்து சேரும்போது கோயம்புத்தூரும் ஈரோடும் முடிந்துவிட்டிருக்கும். லாபம் பார்த்தவரும் அந்தப் பணத்தைச் சும்மா வைப்பதில்லை, இன்னும் பெரிதாகத் திரும்பப் போடுகிறார். அப்படியே ஒருவர் தப்பித்து வந்தாலும், சின்ன ஊரில் அவர் கொண்டுவந்த லாபம் அவர் பேச்சைக் கேட்டு அப்புறம் சேர்ந்த நங்கையாளின் நகையாகத்தான் இருக்கும். பேச்சாளர் இதைச் சொன்னபோது டெய்லர் மறுக்கவில்லை, சம்மதித்ததாகவும் தெரியவில்லை.

விழப்போகும் நேரத்தில் அறிகுறிகள் தெரியும். பணம் வரும் தேதி ஒன்றிலிருந்து பத்துக்குப் போகும், பத்திலிருந்து இருபதுக்குப் போகும். சர்வர் மாற்றுகிறோம் என்பார்கள், தணிக்கை நடக்கிறது என்பார்கள், அதிகாரிகள் கணக்கை முடக்கிவிட்டார்கள், பொறுத்தவருக்குக் கூடுதல் போனஸ் என்பார்கள். அசல் முதிர்ந்தவரிடம் பணத்தை எடுக்காமல் புதுத் திட்டத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொல்வார்கள். அந்தக் கட்டத்தில் புகார் கொடுக்கப் போகிறவரை மற்ற முதலீட்டாளர்களே தடுப்பார்கள். ‘நீ புகார் கொடுத்தால் எல்லாருக்கும் போய்விடும்’ என்பார்கள்.

புகார் கொடுத்தவர்கள் எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலனைக் காக்க 1997-லேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. நிறுவனத்தின் சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, போட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சிறப்பு நீதிமன்றங்கள் இருக்கின்றன. ஆனாலும் 2009-ல் விழுந்த பாசி வழக்கில் கோவை நீதிமன்றத்தின் தீர்ப்பு 2022 ஆகஸ்டில்தான் வந்தது. இரண்டு இயக்குநர்களுக்கு 27 ஆண்டு சிறை. பெரிய தண்டனைதான். அதற்காக ஒரு குடும்பம் பதின்மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. முடக்கப்படும் சொத்தும் வாங்கிய பணத்தைவிட எப்போதும் குறைவாகவே இருக்கும், ஏனென்றால் பெரும்பகுதி ஏற்கெனவே பழைய ஆட்களுக்கு மாதப் பணமாகப் போயிருக்கும்.

இதனால்தான் 2019-ல் வந்த மத்தியச் சட்டம் முக்கியம். முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் அந்தச் சட்டத்தின்படி, நிறுவனம் ஏமாற்றும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அனுமதி இல்லாமல் பொதுமக்களிடம் வைப்புத்தொகை கேட்பதே குற்றம், வாங்குவதும் குற்றம், ஒழுங்காகப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தாலும் குற்றம். குழுப் பெண்களுக்கு இதில் ஒரு சந்தேகம் வந்தது: நாமும் மாதாமாதம் சேமிப்பு வாங்குகிறோமே? சுய உதவிக் குழு தன் உறுப்பினரிடம் மாநில அரசு வகுக்கும் வரம்புக்குள் வாங்கும் சேமிப்புக்கு அந்தச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. பதிவு செய்த சீட்டு நிறுவனமும் வேறு கணக்கு. அங்கே லாபத்துக்கு யாரும் உறுதி சொல்வதில்லை, தள்ளுக்கு ஏற்பக் கூடும் குறையும், சீட்டுக்குச் சீட்டுப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்யாத ஊர்ச்சீட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார். அதைத் தொட்டால் அன்றைக்குக் கூட்டம் முடியாது.

ஊக்குநர் கையில் அந்தக் கம்பெனியின் நோட்டீஸ் இருந்தது. அதில் பதிவு எண், ஜி.எஸ்.டி. எண், ஒரு ஐ.எஸ்.ஓ. முத்திரை எல்லாம் அச்சடித்திருந்தார்கள். “கவர்ன்மெண்ட் ரிஜிஸ்டர்னு போட்டிருக்குதுங்களே?” என்று கேட்டார். ஒரு கம்பெனியை யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம், ஜி.எஸ்.டி. எண் மளிகைக் கடைக்கும் உண்டு என்று பதில் வந்தது. பார்க்க வேண்டியது வைப்புத்தொகை வாங்க அனுமதி இருக்கிறதா என்பதை மட்டும்தான். அதற்கு ரிசர்வ் வங்கி ‘சசேத்’ என்ற தளத்தை நடத்துகிறது, sachet.rbi.org.in என்று கைபேசியில் தட்டி நிறுவனத்தின் பெயரைத் தேடலாம், அங்கேயே புகாரும் கொடுக்கலாம். கூடத்தில் உட்கார்ந்தபடியே ஒரு கல்லூரி மாணவி தேடிப் பார்த்தார். பெயர் வரவில்லை. பெயர் இல்லாவிட்டால் அனுமதி இல்லை என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு என்றார் பேச்சாளர். கருப்புப் பட்டியலில் பெயர் இல்லை என்று ஏஜெண்டு காட்டுவது அனுமதிக்குச் சமம் ஆகாது.

குழுக்கடனைப் பற்றி அவர் பேசியது இரண்டு நிமிடம்கூட இராது, ஆனால் குரல் கடுமையாக இருந்தது. வங்கி கொடுத்த கடனுக்குப் பன்னிரண்டு பெண்களும் பொறுப்பு. கம்பெனி ஓடிப்போனால் கம்பெனியின் பத்திரத்தை வங்கி வாங்கிக்கொள்ளாது. தவணை தவறினால் ஒரு பைசாகூடப் போடாத உறுப்பினருக்கும் அடுத்த கடன் கிடைக்காது. கடன் எந்தத் தொழிலுக்காக வாங்கப்பட்டதோ அதைத் தவிர வேறு எதிலும் போடக்கூடாது என்று அன்றைக்கே தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பெரியம்மா மகள் போட்டிருப்பதாகச் சொன்ன இளம்பெண் கூட்டம் கலையும்போது மறுபடி வந்தார். அக்கா இப்போது என்ன செய்வது? அசலை இப்போதே எழுத்தில் திருப்பிக் கேட்கச் சொன்னார் பேச்சாளர். ரசீது, பத்திரம், செக், வங்கிக் கணக்கில் பணம் வந்த விவரம், ஏஜெண்டு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்கக்கூடாது. சாக்குச் சொல்லி இழுத்தடித்தால் மாவட்டத்தின் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்க வேண்டும். யார் தடுத்தாலும் கொடுக்க வேண்டும், சொத்து மிச்சம் இருக்கும்போதே கொடுக்க வேண்டும்.

“அப்புறம் இன்னொண்ணுங்க மேடம்” என்று அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினார். “எங்கக்கா இன்னும் மூணு பேரைச் சேர்த்து உட்டுருச்சுங்க. ஆளுக்கு ரெண்டாயிரம் கமிஷன் வந்துச்சு.”

“இனி ஒருத்தரையும் சேர்க்க வேண்டாம்னு சொல்லு கண்ணு. தெரிஞ்சே பொய் ஆசை காட்டிப் பணம் போட வெச்சா அதே சட்டத்துல ஒரு வருஷத்துல இருந்து அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில், பத்து லட்சம் வரைக்கும் அபராதம். இதுவரைக்கும் அவளுக்குத் தெரியாது. நீ போய்ச் சொன்னதுக்கு அப்புறம் தெரியாதுன்னு சொல்ல முடியாது. அந்த மூணு பேர்கிட்டயும் அவளே போய்ச் சொல்லட்டும்.”